பாலே இல்லாத கேக்னு வாங்கினோம், பையனுக்கு ரியாக்‌ஷன். எதுல இருந்து வந்துச்சு?

ரேவதி_கோவை | 12 ஜனவரி 2025, இரவு 10.48

பையனுக்கு நாலு வயசு, பால் அலர்ஜி. ஏழாவது மாசம் பால் கலந்த கஞ்சி கொடுத்தப்ப தெரிஞ்சது. அப்ப இருந்து வீட்ல பால், தயிர், நெய், பனீர் எல்லாத்தையும் அவன் தட்டுக்கிட்டயே விடறதில்ல. போன சனிக்கிழமை பொறந்தநாள். வீட்ல கேக் செஞ்சு தர்ற ஒருத்தர்கிட்ட வீகன் கேக் ஆர்டர் பண்ணோம். கேக் வெட்டி பத்து நிமிஷம் கூட ஆகல, உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்பு, ரெண்டு தடவ வாந்தி, அப்புறம் இருமல் ஆரம்பிச்சது. இருமல் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொடையில அட்ரினலின் போட்டாங்க, நைட் முழுக்க வெச்சிருந்து காலைல அனுப்பினாங்க. இப்ப நல்லா இருக்கான்.

கேக் செஞ்சவங்க "பால் ஒரு சொட்டு கூட இல்லைங்க"னு சத்தியம் பண்றாங்க. மேல போட்ட சாக்லேட் சிப்ஸ் பாக்கெட்ல "மே கன்டெய்ன் மில்க் சாலிட்ஸ்"னு இருந்துச்சாம். அதே சிப்ஸ்தான் நாங்களும் வீட்ல வாங்குவோம், இவன் அஞ்சாறு தடவ சாப்பிட்டிருக்கான், ஒண்ணும் ஆனதில்ல. அப்ப திடீர்னு இப்ப மட்டும் எப்படி?

மணிமாறன் | 12 ஜனவரி, 11.20

சிஸ்டர் எனக்கும் பால் ஆகாது, டீ குடிச்சா வயிறு உப்பிக்கும். லாக்டோஸ் ஃப்ரீ பால்னு ஒண்ணு வருது, அத யூஸ் பண்ணி கேக் செய்யச் சொல்லுங்க, ஒரு பிரச்னையும் வராது. கேரண்டி.

ரேவதி_கோவை | 12 ஜனவரி, 11.31

அண்ணா அது வேறங்க. உங்களுக்கு லாக்டோஸ், அதாவது பால்ல இருக்கற சர்க்கரை செரிக்கல. இவனுக்குப் பால்ல இருக்கற புரதம்தான் ஆகாது. லாக்டோஸ் ஃப்ரீ பால்ல அந்தப் புரதம் முழுசா அப்படியே இருக்கு. அதக் கொடுத்தா மறுபடியும் ஆஸ்பத்திரிதான்.

தோட்டத்துக்காரர் | 13 ஜனவரி, காலை 5.52

வெள்ளாட்டுப் பால் கொடுத்துப் பாருங்க அம்மணி. எங்க அப்பிச்சி காலத்துல எல்லாக் குழந்தைகளும் அதுலதான் வளந்துச்சு.

ஓசூர்_க்யூசி | 13 ஜனவரி, 7.15

ஐயா தயவு செஞ்சு அதச் சொல்லாதீங்க. பால்ல இருக்கற முக்கியமான புரதம் கேசீன். ஆட்டுப்பால் கேசீனும் மாட்டுப்பால் கேசீனும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. மாட்டுப்பால் அலர்ஜி உள்ள குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. எருமைப் பாலும் அதே கதை.

ரேவதி மேடம், நான் சாக்லேட், பிஸ்கட் லைன்ல பதினொரு வருஷமா குவாலிட்டில இருக்கேன். சிப்ஸ் விஷயத்துக்கு அப்புறம் வரேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: கேக் மேல வெள்ளையா க்ரீம் இருந்துச்சா? இருந்தா அது என்ன க்ரீம்னு கேளுங்க. பேர் மட்டும் வேணாம், பெட்டியோட பின்பக்கம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

ரேவதி_கோவை | 13 ஜனவரி, 9.40

க்ரீம் இருந்துச்சு, நிறையவே. "நான் டெய்ரி விப்பிங் க்ரீம்"னு சொன்னாங்க. நான் டெய்ரின்னா பால் இல்லாததுதானே? போட்டோ கேட்டிருக்கேன்.

ரேவதி_கோவை | 13 ஜனவரி, மதியம் 1.05

போட்டோ வந்துச்சு. கை நடுங்குது. பெட்டி முன்னாடி பெரிய எழுத்துல நான் டெய்ரி, பக்கத்துல பச்சைப் புள்ளி. பின்னாடி பொடி எழுத்துல: தண்ணி, ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட், சர்க்கரை, சோடியம் கேசினேட், அப்புறம் எமல்சிஃபையர், ஸ்டெபிலைசர்னு நம்பர் நம்பரா. அதுக்குக் கீழ பெட்டி மடிப்புக்கிட்ட "கன்டெய்ன்ஸ் மில்க்". மே கன்டெய்ன் இல்ல, கன்டெய்ன்ஸ்.

ஓசூர்_க்யூசி | 13 ஜனவரி, இரவு 9.30

அதத்தான் நெனச்சேன். பொறுமையா எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

கொழுப்பெடுத்த பால்ல ஆசிட் விட்டா கேசீன் திரிஞ்சு தனியா வந்துரும், நாம எலுமிச்சை விட்டு பனீர் எடுக்கற மாதிரிதான். அதக் கழுவி, காஸ்டிக் சோடா சேத்து கரையற மாதிரி பண்ணி, காய வெச்சுப் பொடியாக்கினா சோடியம் கேசினேட். கழுவறப்பவே லாக்டோஸ் பெரும்பாலும் போயிரும். விப் க்ரீம்ல இது எதுக்குன்னா, பாமாயில் மாதிரி கொழுப்பு தண்ணியோட சேராது. கேசினேட் ஒவ்வொரு கொழுப்பு உருண்டைய சுத்தியும் ஒரு தோல் மாதிரி ஒட்டிக்கும், அடிச்சா காத்தப் பிடிச்சு நிக்கும். ரோஜாப்பூ வெச்சா சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கும்ல, அதுல இதுக்குப் பெரிய பங்கு இருக்கு.

அப்புறம் ஏன் நான் டெய்ரின்னு பேருன்னா, அந்த வார்த்தை பால் கொழுப்பு இல்லைங்கறதுக்கு வியாபாரத்துல வந்த பேரு. அலர்ஜிய மனசுல வெச்சு வெச்ச பேரு இல்ல. அமெரிக்காவுல நான் டெய்ரி காபி க்ரீமர்ல கேசினேட் இருந்தா, பக்கத்துலயே அது பால்ல இருந்து வந்ததுன்னு எழுதணும்னு சட்டமே இருக்கு, அந்த அளவுக்கு ஜனங்க குழம்பியிருக்காங்க. மணிமாறன் சாருக்கு இந்த க்ரீம் ஒண்ணும் பண்ணாது. உங்க பையனுக்கு இது பாலேதான்.

பச்சைப் புள்ளிக்கு அர்த்தம் சைவம். பால் சைவம்தானே நம்ம ஊர்ல. அதனால அந்தப் புள்ளியால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

வீகன்_விஜி | 13 ஜனவரி, 10.12

இதப் படிச்சா வீகன் சாப்பாடே டேஞ்சர்ங்கற மாதிரி இருக்கு. கேசினேட் போட்ட க்ரீம் வீகனே கிடையாது. வீகன்னு சொல்லி வித்தது அந்த பேக்கரோட தப்பு. நாங்க லேபிள் படிக்காம எதையும் வாயில வெக்க மாட்டோம். 2022ல எஃப்எஸ்எஸ்ஏஐ வீகனுக்குத் தனி ரூல் போட்டு பச்சை வி லோகோவும் கொடுத்திருக்கு. அத வாங்குங்க, பிரச்னை முடிஞ்சது.

ரேவதி_கோவை | 13 ஜனவரி, 10.50

விஜி, கோவப்படாதீங்க, உங்களச் சொல்லல. ஒண்ணு திருத்தணும் நான். அந்த அக்காவோட வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் மறுபடியும் மேல போய்ப் படிச்சேன். வீகன்ங்கற வார்த்தைய அவங்க ஒரு எடத்துல கூட சொல்லல. "எக்லெஸ், நான் டெய்ரி க்ரீம்ல செஞ்சுக் கொடுக்கறேங்க"ன்னு எழுதியிருக்காங்க. நான்தான் அத வீகன்னு மனசுக்குள்ள மாத்திக்கிட்டேன், ஊர் முழுக்க அப்படியே சொல்லிட்டும் திரியறேன். முதல் பதிவுல கூட அப்படித்தான் எழுதிட்டேன். அலர்ஜின்னும் சொல்லல, "பையன் பால் சாப்பிட மாட்டான்"னுதான் சொல்லியிருக்கேன். சாப்பிட மாட்டான்னா பிடிக்காதுன்னுதானே யாரும் நெனப்பாங்க. நேத்து ராத்திரி எல்லாம் அவங்களத் திட்டிட்டு இருந்தேன்.

சுதா_க்ராய்டன் | 14 ஜனவரி, அதிகாலை 3.20

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள், இங்க இன்னும் ராத்திரிதான். என் பொண்ணுக்கும் பால் அலர்ஜி, பத்து வயசு. விஜி சொன்ன "லோகோ பாத்து வாங்கினா முடிஞ்சது"ங்கறத ஒத்துக்க முடியல.

2017 டிசம்பர்ல இங்க இங்கிலாந்துல பாத்ங்கற நகரத்துல ஒரு அம்மா, கடும் பால் அலர்ஜி உள்ளவங்க, ஒரு சாண்ட்விச் கடைல காய்கறி ரேப் வாங்கிச் சாப்பிட்டு அன்னைக்கே இறந்துட்டாங்க. அதுல போட்டிருந்தது தேங்காய்ல செஞ்ச, பால் இல்லாத யோகர்ட். யோகர்ட் செஞ்சவங்க பால் சேக்கல. கெட்டியாகறதுக்கு ஒரு ஸ்டார்ச் வாங்கிப் போட்டிருக்காங்க. அந்த ஸ்டார்ச் தயாரிச்ச எடத்துல பால் பொருளும் கையாண்டிருக்காங்க, பால் புரதம் அது வழியா வந்துருச்சு. ஸ்டார்ச்சோட பேப்பர்ல அந்த ரிஸ்க் பத்தி எழுதியிருந்தும் அது கீழ வரைக்கும் வந்து சேரலன்னு 2022 விசாரணைல வெளிய வந்துச்சு. வீகன், ஃப்ரீ ஃப்ரம்னு எழுதறது ஜனங்களத் தப்பா நம்ப வெக்கக் கூடும்னு விசாரிச்ச கொரோனர் கவலை தெரிவிச்சாங்க.

செஞ்சவங்க, வித்தவங்க, வாங்கினவங்க மூணு பேரும் பால் இல்லைன்னுதான் நம்பியிருக்காங்க. உங்க கேக் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான், உங்களுக்குப் பெட்டி பின்னாடி எழுதியாவது இருந்துச்சு. இங்க கடைல நான் "வீகனா"ன்னு கேக்கறதயே விட்டுட்டேன். "பால் அலர்ஜி இருக்கு, அலர்ஜன் ஷீட் காட்டுங்க"ன்னு கேக்கறேன். பின்னாடி நிக்கறவங்க முறைப்பாங்க, முறைக்கட்டும்.

வீகன்_விஜி | 14 ஜனவரி, 8.00

சரி, இது எனக்குத் தெரியாது. ஸாரி ரேவதி. இன்னொண்ணும் ஒத்துக்கறேன். எங்க வட்டத்துல "மே கன்டெய்ன் மில்க்" போட்ட சாக்லேட்ட நாங்க வாங்குவோம். வேணும்னு சேக்கல, அதனால எங்க மனசாட்சிக்கு ஓகே. அது எங்க கணக்கு. உங்க பையன் உடம்புக்கு வேணும்னு சேத்தாங்களா தெரியாம விழுந்துச்சான்னு தெரியாதுல்ல.

அடுப்பங்கரை_கேக்ஸ் | 14 ஜனவரி, மதியம் 2.30

நானும் ஹோம் பேக்கர்தான், அந்த அக்கா நான் இல்ல! ஆனா இந்த இழையப் படிச்சுட்டு என் ஃப்ரிட்ஜத் திறந்து பாத்தேன். ரெண்டு பிராண்ட் நான் டெய்ரி க்ரீம் வெச்சிருந்தேன். ஒண்ணுல சோடியம் கேசினேட்னு இருக்கு. இன்னொண்ணுல இல்ல, சோயா புரதம் இருக்கு. நாலு வருஷமா ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு கைக்கு வந்தத எடுத்து அடிச்சிருக்கேன். யாராச்சும் வீகன் கேட்டா அன்னைக்கு எது திறந்திருந்துச்சோ அதான் போயிருக்கும். க்ளாஸ்ல சொல்லிக் கொடுத்தவங்களும் நான் டெய்ரின்னா வீகன்னுதான் சொன்னாங்க. தலை சுத்துது.

ரேவதி_கோவை | 14 ஜனவரி, 4.10

அப்ப க்ரீம்தான் காரணம்னு முடிவு பண்ணிரலாமா? சிப்ஸ விட்டுரலாமா? வீட்ல பாதி பாக்கெட் இருக்கு, பையன் கேக்கறான்.

ஓசூர்_க்யூசி | 14 ஜனவரி, 8.45

கணக்குப் போட்டுப் பாக்கலாம். பையன் எவ்வளவு க்ரீம் சாப்பிட்டிருப்பான்?

ரேவதி_கோவை | 14 ஜனவரி, 8.52

கேக்க விட்டுட்டு க்ரீமத்தான் நக்கினான். பெரிய ஸ்பூன்ல ரெண்டு இருக்கும். சிப்ஸ் ஏழெட்டு.

ஓசூர்_க்யூசி | 14 ஜனவரி, 9.40

க்ரீம் 20 கிராம்னு வெச்சுக்கலாம். கேசினேட் எவ்வளவு போட்டாங்கன்னு பெட்டில இல்ல, அதனால கம்மியா அரை சதவீதம்னு வெச்சே போடறேன். 20 கிராம்ல அரை சதவீதம் 100 மில்லிகிராம். பசும்பால் 100 மில்லில சுமார் 3.3 கிராம் புரதம், அதாவது ஒரு மில்லிக்கு 33 மில்லிகிராம். அப்ப அவன் சாப்பிட்டது மூணு மில்லி பாலுக்குச் சமம், டீ ஸ்பூன்ல பாதிக்கு மேல.

அது நிறையவா கம்மியான்னா: FAO/WHO நிபுணர் குழு 2021ல பாலுக்கு வெச்ச அளவு 0.2 மில்லிகிராம் புரதம். பால் அலர்ஜி உள்ளவங்கள்ல நூத்துல அஞ்சு பேருக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாச்சும் வர்ற அளவு அது. உங்க பையன் சாப்பிட்டது அதுக்கு ஐநூறு மடங்கு.

சிப்ஸ் ஏழெட்டுன்னா நாலஞ்சு கிராம். அதுல பால் புரதம் ஆயிரம் பிபிஎம், அதாவது ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இருந்தாக்கூட அஞ்சு மில்லிகிராம்தான். அதனால இந்தத் தடவ பெரிய சந்தேகம் க்ரீம் மேலதான். அதுக்காக சிப்ஸ் சுத்தம்னு அர்த்தம் இல்ல.

ஓசூர்_க்யூசி | 14 ஜனவரி, 10.25

மேல ஒரு தப்பு. 0.2ங்கறது ஆஸ்திரேலியாக்காரங்க கணக்குல 2019ல வந்த நம்பர், அது நூத்துல ஒருத்தருக்கான அளவு. FAO/WHO குழு சொன்னது 2 மில்லிகிராம். அப்ப ஐநூறு மடங்கு இல்ல, அம்பது மடங்கு. பொங்கல் சாப்பிட்ட மப்புல கலந்துட்டேன், மன்னிச்சுக்கங்க. முடிவு மாறல.

மணிமாறன் | 14 ஜனவரி, 10.31

சார் சைபர் ஒண்ணு மாறினா உங்க கம்பெனில விட்டுருவாங்களா 😄

ஓசூர்_க்யூசி | 14 ஜனவரி, 10.33

அதுக்குத்தான் எங்க வேலைய ரெண்டு பேர் செக் பண்ணணும்னு வெச்சிருக்காங்க தலைவரே.

ரேவதி_கோவை | 15 ஜனவரி, காலை 6.30

அப்ப அஞ்சாறு தடவ அதே சிப்ஸ் சாப்பிட்டு ஒண்ணும் ஆகலன்னா அது அவனுக்கு ஒத்துக்குதுன்னு எடுத்துக்கலாமா கூடாதா? இதான் என் கேள்வி, அன்னைல இருந்து இதத்தான் கேக்கறேன்.

ஓசூர்_க்யூசி | 15 ஜனவரி, இரவு 11.10

கூடாது. ஏன்னு லைன்ல நடக்கறதச் சொன்னா புரியும்.

ஒரே லைன்ல காலைல மில்க் சாக்லேட், மதியம் டார்க். நடுவுல கழுவணும்ல? சாக்லேட் லைன்ல தண்ணி விட முடியாது. ஒரு துளி ஈரம் போனாலும் சாக்லேட் கட்டியாகி குழாய அடைச்சுரும், ஈரம் தங்கினா சால்மொனெல்லா பயம் வேற. அதனால கோகோ வெண்ணெய் இல்லன்னா அடுத்து ஓடப் போற டார்க் சாக்லேட்டயே உள்ள விட்டுத் தள்ளுவோம், புஷ் த்ரூன்னு சொல்லுவோம். முதல்ல வர்றதத் தனியா எடுத்துருவோம். எவ்வளவு எடுக்கணுங்கறதுலதான் எல்லாம் இருக்கு. அம்பது கிலோ எடுக்க வேண்டிய எடத்துல இருபது எடுத்தா, அடுத்து வர்ற பெட்டிகள்ல பால் ஜாஸ்தி, போகப் போகக் கம்மி, சாயங்காலம் வர்ற பெட்டில கண்டே பிடிக்க முடியாது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே லேபிள்தான். வால்வு மூலைல, பம்ப் உள்ள ஒரு கட்டி ஒட்டிட்டு இருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு உதிர்ந்து வந்தா அது தனி.

அமெரிக்கால எஃப்டிஏ டார்க் சாக்லேட் டெஸ்ட் பண்ணி 2015ல வெளியிட்டாங்க. பொருட்கள் பட்டியல்ல பால் இல்லாத 88 பார்ல 51ல பால் இருந்துச்சு. பாதிக்கு மேல. அதனால உங்க பையன் அஞ்சு தடவ சாப்பிட்டது அஞ்சு சாயங்காலப் பெட்டியா இருந்திருக்கலாம்.

சுதா_க்ராய்டன் | 16 ஜனவரி, 12.40

இன்னொண்ணும் சேத்துக்கறேன். "மே கன்டெய்ன்"னு போட்டிருந்தா ரிஸ்க் ஜாஸ்தி, "பால் கையாளும் ஆலையில் தயாரித்தது"ன்னு போட்டா கம்மின்னு ஒரு நம்பிக்கை நம்ம க்ரூப்ல எல்லாம் ஓடுது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். அப்படி ஒண்ணும் கிடையாது. இங்க அது கம்பெனி தானா போடறது, வாசகம் அவங்க இஷ்டம். ஒண்ணுமே போடலன்னாலும் அவங்க பாத்து, இல்லைன்னு உறுதி பண்ணிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. எங்க வீட்ல சந்தேகம்னா கம்பெனிக்கு மெயில் போடுவேன், ஒரே ஒரு கேள்வி: இதே மெஷின்ல பால் உள்ள பொருள் ஓடுதா? ஆலையிலன்னு இல்ல, மெஷின்லன்னு கேக்கணும். பதில் வரலன்னா அதுவே பதில்.

அடுப்பங்கரை_கேக்ஸ் | 16 ஜனவரி, 11.00

அப்ப என் கிச்சன்? சோயா க்ரீம் மட்டும் வாங்கி, தனி பாத்திரத்துல அடிச்சா போதுமா?

ஓசூர்_க்யூசி | 16 ஜனவரி, இரவு 8.20

பைப்பிங் பை துணியா பிளாஸ்டிக்கா? துணின்னா தூக்கிப் போடுங்க, அதுல பழைய க்ரீம் ஊறியிருக்கும். நாசில் உள் வளைவுல ப்ரஷ் போகாது, தனி செட் வெச்சுக்கங்க. அதே பீட்டர்தான்னா கழுத்து சேர்ற எடத்தப் பாருங்க, வெள்ளையா காஞ்சு இருக்கும். அன்னைக்கு முதல் கேக்கா அதச் செஞ்சு, மூடி எடுத்து வெச்சுட்டு அப்புறம் மத்தது செய்ங்க. பால் பவுடர் திறக்கற அன்னைக்கு அலர்ஜி ஆர்டரே எடுக்காதீங்க, பொடி காத்துல பறந்து எங்க உக்காரும்னு சொல்ல முடியாது. இவ்வளவும் பண்ணாலும் "பால் சேக்கல, ஆனா பால் உள்ள கிச்சன்"னு வாயத் திறந்து சொல்லிருங்க. முடிவு அம்மா எடுக்கட்டும்.

தோட்டத்துக்காரர் | 17 ஜனவரி, 5.48

கேக்கே எதுக்கு. ராகி உருண்டைல மெழுகுவத்தி குத்துங்க.

ரேவதி_கோவை | 17 ஜனவரி, 6.15

ஐயா அதுலயும் நெய் விடுவாங்க 😂 போன வருஷம் சொந்தக்காரங்க வீட்ல நெய் மணந்த கையோட உருண்டை பிடிச்சுக் கொடுத்ததுல வாய சுத்தித் தடிப்பு வந்துச்சு. நெய்ல கொழுப்பு மட்டும்தான்னு சொல்றாங்க, அடில தங்கற அந்த வண்டல்ல புரதம் இருக்குல்ல.

மணிமாறன் | 18 ஜனவரி, 9.15

ஒரு ஐடியா. ஆன்லைன்ல கேசீன் டெஸ்ட் கிட் விக்கறாங்க, ப்ரெக்னன்ஸி ஸ்ட்ரிப் மாதிரி. வாங்கி கேக்க டெஸ்ட் பண்ணிட்டு கொடுத்தா? லாக்டோஸ்ல சொதப்பினதுக்கு ஈடு கட்டறேன்.

ஓசூர்_க்யூசி | 18 ஜனவரி, 10.05

நல்ல ஐடியாதான், நாங்களும் அதத்தான் மெஷின் மேல ஸ்வாப் எடுத்துப் பாக்கறோம். ஆனா வீட்ல அத நம்பாதீங்க, ரெண்டு காரணம். நீங்க கிள்ளி எடுத்த துண்டுல இல்லைன்னா பக்கத்துத் துண்டுல இல்லைன்னு சொல்ல முடியாது, சாக்லேட்ல நான் சொன்ன அதே கதை. ரெண்டாவது இன்னும் மோசம். ஸ்ட்ரிப்ல புரதம் ரொம்ப ஜாஸ்தியா போனா கோடே வராது. அளவுக்கு மீறிப் போறப்ப ஸ்ட்ரிப்ல இருக்கற ஆன்டிபாடிய எல்லாம் அதுவே அடைச்சுக்கும், சோதனைக் கோடு வெறுமையா இருக்கும். சுத்தப் பால்ல முக்கினா "பால் இல்லை"ன்னு காட்டற ஸ்ட்ரிப் உண்டு. எங்க லேப்ல புதுசா சேர்ற பசங்கள இத வெச்சுத்தான் ராகிங் பண்ணுவோம். கேசினேட் க்ரீம நேரா தடவினா அந்த மாதிரி ஏமாத்த வாய்ப்பிருக்கு. தண்ணில பல மடங்கு கரைச்சு ரெண்டு மூணு அளவுல பாக்கணும், வீட்ல யார் அத ஒழுங்காச் செய்வாங்க.

மணிமாறன் | 18 ஜனவரி, 10.09

ஓகே நான் இனிமே வாயத் திறக்கல.

ஃப்ரீமான்ட்_அத்தை | 19 ஜனவரி, காலை 8.00

இங்க கலிஃபோர்னியால இன்னொரு கூத்து. "அனிமல் ஃப்ரீ" ஐஸ்க்ரீம்னு கடைல வந்துச்சு, மாடே இல்ல, பூஞ்சைய தொட்டில வளத்து பால் புரதம் எடுக்கறாங்க. என் மருமக வீகன்னு சந்தோஷமா வாங்கிட்டு வந்தா. பேரனுக்கு பால் அலர்ஜி, ஸ்பூன் வாய்க்குப் போறப்ப நான்தான் டப்பாவத் திருப்பிப் பாத்து பிடுங்கினேன், கன்டெய்ன்ஸ் மில்க் ப்ரோட்டீன்னு இருந்துச்சு. மாட்டுல இருந்து வந்தா என்ன, தொட்டில இருந்து வந்தா என்ன, உடம்புக்கு அதே புரதம். அதுல இருந்தது கேசீன் இல்ல, மோர்த்தண்ணில இருக்கற வகையாம்.

வீகன்_விஜி | 19 ஜனவரி, 9.30

அது வீகனா இல்லையான்னு எங்களுக்குள்ளயே அடிதடி நடக்குது அத்தை. அந்தப் பக்கம் போக வேணாம்.

ரேவதி_கோவை | 22 ஜனவரி, இரவு 9.55

அலர்ஜி டாக்டரப் பாத்துட்டு வந்தோம். ரத்தத்துல கேசீனுக்குத் தனியா டெஸ்ட் எடுத்தாங்க, நல்லா ஜாஸ்தியா வந்திருக்கு. நான் இங்க சொல்லாம விட்ட ஒரு விஷயம்: பையன் ஆறு மாசமா பால் பொடி சேத்த டீ பிஸ்கட் சாப்பிடறான். டாக்டர் முன்னாடி வெச்சுக் கொடுத்து, ஒண்ணும் ஆகாததால தினம் ரெண்டு கொடுக்கச் சொல்லியிருந்தாங்க. அதனாலதான் "கொஞ்சம் பால் இவனுக்கு ஓகே"ன்னு எனக்குள்ள ஒரு மெத்தனம் வந்துருச்சு, சிப்ஸ்ல எழுதியிருந்ததயும் கண்டுக்காம விட்டதுக்கு அதான் காரணம்.

டாக்டர் சொன்னது: பிஸ்கட் மாவுல கலந்து ரொம்ப நேரம் வேகறப்ப பால்ல இருக்கற சில புரதம் உருமாறிடும், மாவோட பிணைஞ்சும் போகும். பால் அலர்ஜி குழந்தைகள்ல பாதிக்கு மேல அந்த மாதிரி வெந்த பாலத் தாங்கிக்குவாங்களாம். கேசீன் சூட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் அசையாது, அதனால கேசீன் டெஸ்ட்ல ஜாஸ்தியா வந்த குழந்தைங்க கொஞ்சம் கவனமா இருக்கணும். க்ரீம் மாவுலயும் இல்ல, ஓவன் உள்ளயும் போகல, சும்மா அடிச்சு மேல தடவினது. சாக்லேட்டும் அப்படித்தான். பிஸ்கட் தாங்கறான்னு அத வெச்சு இதத் தீர்மானிக்கக் கூடாதுன்னாங்க.

பிஸ்கட்டத் தொடரலாமான்னு கேட்டேன். இவங்க தொடரச் சொல்றாங்க. ஆஸ்பத்திரில பாத்த டாக்டர் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லியிருந்தாங்க. ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் இழுக்கறாங்க.

சுதா_க்ராய்டன் | 23 ஜனவரி, 1.10

எங்களுக்கும் இதே நடந்துச்சு, நாங்க தொடர்ந்தோம், ஆனா என் பொண்ணு ரிப்போர்ட் வேற, உங்க பையன் ரிப்போர்ட் வேற. நான் சொல்லி நீங்க செய்யாதீங்க. அட்ரினலின் ஊசி கைல கொடுத்தாங்களா?

ரேவதி_கோவை | 23 ஜனவரி, 6.40

இங்க அந்த பேனா மாதிரி ஊசி சுலபமாக் கிடைக்கறதில்ல. ஆம்ப்யூல், சிரிஞ்ச் எழுதிக் கொடுத்து, எடைக்கு எவ்வளவுன்னு சிரிஞ்சுலயே கோடு போட்டுக் காட்டினாங்க. ஆரஞ்சுப் பழத்துல குத்திப் பழகிட்டு இருக்கேன். அன்னைக்கு நான் முதல்ல செட்ரிசின் சிரப் கொடுத்துட்டு இருபது நிமிஷம் உக்காந்து பாத்தேன், அத இங்க எழுதவே கூச்சமா இருந்துச்சு. தடிப்பு அரிப்புக்குத்தான் அது, இருமல் மூச்சுன்னு வந்தா அத நம்பி உக்காரக் கூடாதுன்னு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அடுப்பங்கரை_கேக்ஸ் | 25 ஜனவரி, 3.15

அப்டேட். கேசினேட் க்ரீம ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுக்கு மாத்தி மேல சிவப்பு டேப் ஒட்டிட்டேன். ஆர்டர் மெசேஜ்ல "பிடிக்காதா, அலர்ஜியா?"ன்னு ஒரு கேள்வி சேத்திருக்கேன். மூணு நாள்ல ரெண்டு பேர் அலர்ஜின்னு பதில் போட்டிருக்காங்க. ரெண்டு பேரும் பழைய கஸ்டமர்ஸ். எதுவும் சொன்னதே இல்ல.

ரேவதி_கோவை | 25 ஜனவரி, 9.20

அந்த அக்காவுக்கு இன்னைக்கு போன் பண்ணேன். பத்து நிமிஷம் அவங்க ஸாரி சொல்ல நான் ஸாரி சொல்லன்னு போச்சு. அடுத்த வாரம் க்ரீம் இல்லாம தேங்காய்ப்பால் ஊத்தி ஒண்ணு செஞ்சு தரேன்னாங்க. தேங்காய்ப்பால் டப்பாவா, நீங்களே புழிஞ்சதான்னு கேட்டேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. டப்பாவத் திருப்பிட்டு இருந்திருக்காங்க. பொடில செய்யற தேங்காய்ப்பாலாம், அதுலயும் சோடியம் கேசினேட் இருக்குங்க.

தோட்டத்துக்காரர் | 26 ஜனவரி, 5.40

தேங்கா நாலு கொடுத்து விடறனுங்க அம்மணி, அட்ரஸ் சொல்லுங்க.